நட்சத்திரம் முதல் வாக்குச்சாவடி வரை: ரசிகர் மன்றங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடகமும் சமூகமும் பாடத்தில் தமிழ் சினிமா வாரம் வந்தால் போதும், ஒவ்வோர் அணியிலிருந்தும் அதே சந்தேகங்கள் வருகின்றன. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டு ரசிகர் மன்றம் ரெக்ஸ் திரையரங்கு வாசலோடு முடிந்துவிடும் விஷயம். ஊரிலிருந்து படிக்க வந்தவர்களுக்கோ அது கேள்வியே இல்லாத விஷயம். இரு தரப்பும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். கேரளம், கர்நாடகம் பக்கம் போகவில்லை. ஆந்திரத்துக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் வேலை.

நடிகர் கட்சி ஆரம்பிச்சா ரசிகர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுவாங்க. அவ்வளவுதானே சார், இதுல ஆராய என்ன இருக்கு?

அப்படியிருந்தால் 2004 மக்களவைத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி தோற்றிருக்க வேண்டும். அந்தக் கட்சியோடு மோதல் முற்றியிருந்த சமயம், அது நிற்கும் 6 தொகுதிகளிலும் எதிர்த்து வேலை செய்யும்படி ரஜினிகாந்த் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் 5, புதுச்சேரியில் 1. ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. அவருடைய புகழ் அப்போது குறைந்திருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

ரசிகர் வேறு, வாக்காளர் வேறு. ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பார், ஆனால் ஓட்டுப் போடும்போது அவருக்குச் சாதி, குடும்பம், கூட்டணி, உள்ளூர் வேட்பாளர், அப்பா காலத்துக் கட்சி என்று வேறு கட்டுகள் இருக்கின்றன. ஆகவே ரசிகர் மன்றத்தைப் பற்றி எழுதும்போது “எத்தனை ஓட்டு?” என்று தொடங்கினால் தடம் மாறிவிடும். மன்றம் தருவது முதலில் ஆட்களை. அந்த ஆட்களை வைத்துக் கட்சி என்ன செய்தது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் பிரிகின்றன.

ரசிகர் மன்றம்னா உண்மையிலேயே என்ன? வாட்ஸ்அப் குரூப் மாதிரியா?

இல்லை, அதற்கு முகவரி உண்டு. ஒரு தெருவில் பத்து இருபது இளைஞர்கள் சேர்ந்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் போட்டுத் தலைமை மன்றத்துக்கு எழுதுவார்கள். அங்கிருந்து பதிவு எண் வரும். அந்த எண்ணைப் பெயர்ப்பலகையிலும் லெட்டர்பேடிலும் போட்டுக்கொள்வார்கள். எண் இல்லாத மன்றத்தை ஊரில் யாரும் மதிப்பதில்லை. கிளைக்கு மேல் ஒன்றியம், நகரம், மாவட்டம், அதற்கு மேல் சென்னையில் தலைமை. இந்த அடுக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் புரியும்: திராவிடக் கட்சிகளின் கிளைக் கழகம், ஒன்றியக் கழகம், மாவட்டக் கழகம் என்ற அதே அடுக்கு. மாவட்ட மன்றத் தலைவர் என்ற பதவியை மாவட்டச் செயலாளர் என்று மாற்ற ஒரே நாள் போதும் என்று தோன்றுவது அதனால்தான்.

எண்ணிக்கையில் மட்டும் ஏமாற வேண்டாம். இத்தனை ஆயிரம் மன்றங்கள் என்று அறிவிக்கும்போது அதில் செத்துப்போன மன்றங்களும் உண்டு, ஒரே தெருவில் சண்டை போட்டு இரண்டாகப் பிரிந்த மன்றங்களும் உண்டு. பதிவு எண் கொடுப்பது சுலபம், ரத்து செய்து கணக்கெடுப்பது யாருக்கும் பிடிக்காத வேலை.

பால் ஊத்தறதும் கட்அவுட் வைக்கிறதும் அரசியலுக்கு எப்படிப் பயன்படும்? எனக்கு அது வெறும் கூத்தாத்தான் தெரியுது.

பாலை விடுங்கள், அதற்கு முந்தைய ஒரு வாரத்தைப் பாருங்கள். படம் வெள்ளிக்கிழமை வருகிறது. மன்றச் செயலாளர் தியேட்டர் மேலாளரிடம் பேசி முதல் காட்சியை ரசிகர் காட்சியாக வாங்க வேண்டும். டிக்கெட்டை விற்று, தியேட்டருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, மிச்சத்தில் பேனர் அடிக்க வேண்டும். பேனரில் யார் படம் எந்த அளவில் வரும் என்ற சண்டையைத் தீர்க்க வேண்டும். கட்அவுட்டுக்கு இடம் பிடிக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர் நடிகரின் போஸ்டர்மேல் தன் போஸ்டரை யார் ஒட்டினாலும் அடிதடி வரும் என்பதால் பையன்களை அடக்கியும் வைக்க வேண்டும். விடியற்காலைக் காட்சிக்குக் கூட்டத்தை நேரத்தோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வசூல், அனுமதி, சுவர், கூட்டம், உள்பூசல். தேர்தல் வேலையில் ஒன்றியச் செயலாளர் செய்வதும் இதுதான். இவற்றைப் பத்து வருடம் செய்தவனுக்குத் தெருவில் யார் யாரிடம் பேசினால் எது நடக்கும் என்று தெரிந்துவிடும். மன்றம் பிறகு ரத்த தானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், தையல் எந்திரம், இஸ்திரிப் பெட்டி என்று நற்பணிக்குள் இறங்கும்போது, சினிமா பார்க்காத வீடுகளுக்குள்ளும் அவனுக்கு வழி கிடைக்கிறது. கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாகவே மாற்றினார்.

எம்ஜிஆர் நடிகரா இருந்து நேரா முதலமைச்சர் ஆயிட்டாரா?

நேராக இல்லை, 24 ஆண்டு ஆனது. தி.மு.க.வில் சேர்ந்தது 1953. மேலவை உறுப்பினரானது 1962. பரங்கிமலையில் சட்டமன்றத்துக்கு ஜெயித்தது 1967. எம்.ஆர்.ராதா சுட்டபின் கழுத்துக் கட்டோடு அவர் இருந்த படம் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்த தேர்தல் அது. 1969இல் கட்சிப் பொருளாளர். 1977இல் முதலமைச்சர்.

அந்த 24இல் முதல் 19 வருடமும் அவர் ஏற்கெனவே வேர்விட்ட ஒரு கட்சிக்குள் இருந்தார் என்பதைக் கட்டுரையில் அடிக்கோடிட்டு எழுதுங்கள். படத்தில் கறுப்பு சிவப்பு வந்தால் கொட்டகையில் கைதட்டு விழும். தட்டியவன் காலையில் கட்சிப் படிப்பகத்தில் பத்திரிகை படித்தவன். கட்சிக்காரன், மன்றத்துக்காரன் என்று பல ஊர்களில் இரண்டு பட்டியல் எடுத்தால் அதே பெயர்கள்தான் இரண்டிலும் வரும்.

அப்போ 1972ல என்ன நடந்துச்சு? கட்சி ஒரே வாரத்துல எப்படி முளைச்சுது?

1972 அக்டோபர் தொடக்கத்தில் திருக்கழுக்குன்றம் பொதுக்கூட்டத்தில், கட்சிப் பொறுப்பாளர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பேசினார். கேட்டவர் கட்சியின் பொருளாளர் என்பதால் அது மேடைப் பேச்சாக முடியவில்லை. முதலில் தற்காலிக நீக்கம், பிறகு நிரந்தர நீக்கம். அக்டோபர் 17ஆம் தேதி அண்ணா தி.மு.க. பிறந்துவிட்டது. முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி. முந்தைய ஆண்டுத் தேர்தலில் 184 இடம் பிடித்திருந்த கட்சி தி.மு.க.

புதுக்கட்சிக்கு வழக்கமாக இரண்டு வருடம் பிடிக்கும் வேலை கிளை அமைப்பது. இங்கே மன்றங்கள் இரவோடு இரவாகப் பெயர்ப்பலகையை மாற்றின. அகில உலக எம்.ஜி.ஆர். மன்றத்தின் தலைவராக இருந்த முசிறிப்புத்தன் போன்றவர்களிடம் ஊர்வாரியாகப் பெயரும் முகவரியும் இருந்தன. அதைவிட முக்கியமானது, அந்த மன்றத்துக்காரர்களில் பலர் தி.மு.க. கிளையில் தேர்தல் வேலை செய்து பழகியவர்கள். வாக்காளர் பட்டியலை எப்படிப் படிப்பது, வாக்குச்சாவடியில் யாரை உட்கார வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை. நீக்கப்பட்டவர் போகும்போது தி.மு.க.வின் பயிற்சி பெற்ற தொண்டர்களில் ஒரு பகுதியும் மன்றம் என்ற வாசல் வழியாக வெளியேறியது.

சோதனை சீக்கிரமே வந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். கட்சிக்கு வயது ஏழு மாதம், வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. அதே மே 11ஆம் தேதி ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. மாயத்தேவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், பழைய காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடம். படம் ஓடியதால் ஓட்டு விழுந்ததா என்று கேட்பார்கள். படத்துக்குக் கூட்டம் சேர்த்த பையன்களும் தேர்தலுக்குக் கூட்டம் சேர்த்த பையன்களும் ஒரே ஆட்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

மு.க.முத்துவை வச்சு மன்றம் ஆரம்பிச்சதுனாலதான் சண்டைன்னு எங்க தாத்தா சொல்றாரே?

தாத்தா தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் அது ஒரு காரணம் மட்டும். 1972இல் கருணாநிதியின் மகன் முத்து கதாநாயகனாக வந்தார், அவர் பெயரில் மன்றங்களும் கிளம்பின. எம்.ஜி.ஆர். தரப்புக்கு அது எரிச்சல். கணக்குக் கேட்டது, அமைச்சரவையில் இடம் பற்றிய பேச்சு, மத்திய அரசோடு இருந்த உறவு என்று மற்ற காரணங்களையும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். உங்கள் பாடத்துக்கு இதில் பயன்படும் துண்டு ஒன்று: மேலிருந்து உத்தரவு போட்டு உருவாக்கிய மன்றம் நிற்கவில்லை.

மன்றத்துல எல்லாம் ஆம்பளைங்கதானே? ஆனா எம்ஜிஆருக்குப் பொம்பளைங்க ஓட்டுன்னு சொல்றாங்க. இது இடிக்குதே!

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு முழு மதிப்பெண். மன்றங்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கல்யாணம் ஆகாத இளைஞர்கள் கூடும் இடம். டீக்கடை, சலூன், தியேட்டர் வாசல் என்று அவர்கள் நிற்கும் இடமெல்லாம் பெண்கள் நிற்காத இடம். எம்.ஜி.ஆருக்குப் பெண்களிடம் இருந்த ஆதரவு மன்றம் வழியாக வந்ததல்ல. குடிக்காதவர், தாயை வணங்குபவர், பெண்ணைக் காப்பவர் என்று ஆண்டுக்கணக்கில் திரை வளர்த்த உருவம் அது. முதலமைச்சரான பிறகு சத்துணவு போன்ற திட்டங்கள் அதை உறுதியாக்கின.

திரை உருவம் ஆதரவைப் பரப்புகிறது, மன்றம் அதை வாக்குச்சாவடி வரை கொண்டுவருகிறது. கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள். ஜெயலலிதாவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அவர் ரசிகர் மன்றத்தின் வழியாக வரவில்லை. 1982இல் அ.தி.மு.க.வில் சேர்ந்து, கொள்கை பரப்புச் செயலாளராகி, 1984இல் மாநிலங்களவைக்குப் போய், கட்சிக்குள்ளேயே ஏறியவர்.

சிவாஜி எம்ஜிஆருக்குச் சமமான நடிகர். அவர் மட்டும் ஏன் தோத்தார்?

நடிப்பில் யார் பெரியவர் என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. சிவாஜி மன்றங்களும் பலமாகத்தான் இருந்தன, ஆனால் அவை காங்கிரசுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தே பழகியவை. 1988இல் அவர் தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கும்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது, கதாநாயக அலை ஓய்ந்திருந்தது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் பிளந்த அ.தி.மு.க.வில் ஜானகி அணியோடு சேர்ந்து 1989இல் நின்றார். அந்த அணி மூழ்கியது, திருவையாற்றில் அவரும் தோற்றார். மன்றத்துக்காரர்களின் கட்சிப் பழக்கம் வேறு இடத்தில் இருந்தது, அவர்களை இழுத்து வர ஒரு 1972 அவருக்கு வாய்க்கவில்லை.

அப்போ பழைய கட்சியைப் பிளக்காம, வெறும் மன்றத்தை வச்சே கட்சி கட்ட முடியாதா?

ஒரு கட்டம் வரை முடியும் என்று விஜயகாந்த் காட்டினார். அவருடைய மன்றத்தினர் தே.மு.தி.க. பிறக்கும் முன்பே உள்ளாட்சித் தேர்தல்களில் நின்று பார்த்தவர்கள். மன்றப் பொதுச்செயலாளராக இருந்த ராமு வசந்தன் கட்சிக்கும் பொதுச்செயலாளரானார். 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி, 2006இல் கூட்டணி இல்லாமல் சட்டமன்றத் தேர்தல். ஒரே ஒரு இடம், விருத்தாசலம், அதுவும் அவரே. ஆனால் 8.38 சதவீத ஓட்டு. எட்டு மாதக் கட்சிக்கு அது மாநிலம் முழுக்கப் பரவிய ஓட்டு, அந்தப் பரவலுக்கு மன்றக் கிளைகள்தான் காரணம்.

சிக்கல் அதற்குப் பிறகு. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41இல் நின்று 29 ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். கட்சிக்கு மவுசு வந்ததும் பணமுள்ளவர்கள் வந்தார்கள். பதினைந்து வருடம் பேனர் கட்டியவன் வேட்பாளர் பட்டியலில் தன் பெயரைத் தேடினான். தேர்தல் செலவைத் தாங்க அவனால் முடியாது என்பது தலைமைக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. கூட்டணி உடைந்ததும் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் ஜெயலலிதா பக்கம் சாய்ந்தார்கள். 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்ததை ஏற்காத நிர்வாகிகள் வெளியேறினார்கள். அந்தத் தேர்தலில் 2.39 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் தலைவருக்கே டெபாசிட் போனது. உடல்நலமும் கைவிட்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அநியாயம்.

எம்.ஜி.ஆர். கட்சியில் தலைவருக்கும் தொண்டனுக்கும் நடுவே, தி.மு.க.வில் பழுத்த இரண்டாம் வரிசை இருந்தது. விஜயகாந்திடம் அது குடும்பத்தோடு நின்றது. ஆந்திரத்தில் சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது: 2008இல் தொடக்கம், 2009இல் 18 இடம், 2011இல் காங்கிரசில் கரைந்தது.

ரஜினிக்கு மன்றம் இருந்துச்சே, ஏன் கடைசி நேரத்துல விட்டுட்டார்?

அவர் சொன்ன காரணம் உடல்நிலை. 2017 டிசம்பர் 31ஆம் தேதி வருவேன் என்றார், 2020 டிசம்பர் 29ஆம் தேதி வரவில்லை என்றார், 2021 ஜூலையில் மக்கள் மன்றத்தைக் கலைத்து மறுபடி ரசிகர் நற்பணி மன்றமாக்கினார்.

ஆனால் நடுவில் 2020 மார்ச்சில் அவர் பேசியதைப் படியுங்கள். கட்சிப் பதவிகள் தேர்தலுக்கு மட்டும் இருக்கும், முடிந்ததும் தேவையில்லாதவற்றை எடுத்துவிடுவேன், எனக்கு முதலமைச்சர் ஆசை இல்லை என்றார். முந்தைய கேள்வியில் வந்த பேனர் கட்டியவனின் காதால் அதைக் கேட்டுப் பாருங்கள். இருபது முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு பதவியும் நிலையில்லை, தலைவரும் முதல்வரில்லை. மாவட்டச் செயலாளர்களைச் சந்தித்ததில் ஒரு விஷயத்தில் தனக்கு ஏமாற்றம் என்று அவரே சொல்லியிருந்தார்.

விஜய் இதுல எந்த வகை? எம்ஜிஆர் வழியா, விஜயகாந்த் வழியா?

அமைப்பு முறையில் இரண்டாவதற்குப் பக்கம். பழைய கட்சி எதையும் பிளக்கவில்லை. 2009இல் மக்கள் இயக்கம், 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இயக்கத்தினர் நின்று ஜெயித்த சோதனை ஓட்டம், 2024 பிப்ரவரி 2ஆம் தேதி தமிழக வெற்றிக் கழகம், அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாடு. அவசரப்படாமல் படிப்படியாகப் போனார்.

2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் அவரைப் பார்க்க வந்த கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பொறுப்பு யாருடையது என்பது விசாரணைக்குரியது, வகுப்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முதல் காட்சிக் கூட்டத்துக்குத் தியேட்டர் என்ற சுவரும் இருக்கை எண்ணும் உண்டு, சாலைக் கூட்டத்துக்கு அவை இல்லை. மேலே சொன்ன கூட்டம் சேர்க்கும் திறமை, கூட்டத்தைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும் திறமை ஆகிவிடாது. பாடத்துக்கு 1972, 2005 இரண்டையும் விரிவாக எடுத்தது, அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் கையில் இருப்பதால்.

சிங்கப்பூர்ல இருக்கிற நாங்க ஒரு நடிகர் கட்சிக்குப் பணம் அனுப்பலாமா? ஓட்டுப் போடலாமா?

சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் இரண்டும் இல்லை. இந்திய வம்சாவளி, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை எதுவும் ஓட்டுரிமை தராது. அரசியல் கட்சிகள் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்பவர் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் ஊருக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும்.

இங்கேயே கட்சிக் கொடியோடு கூடலாம் என்று நினைக்காதீர்கள். பொது இடத்தில் ஒரு காரணத்துக்காகக் கூட அனுமதி வேண்டும், வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவராதீர்கள் என்று காவல்துறை பலமுறை சொல்லியிருக்கிறது. இங்குள்ள ரசிகர்கள் செய்வது வேறு: முதல் நாள் டிக்கெட், வெளிநாட்டு வசூல், பகிரும் காணொளி. அவை திரை உருவத்தை வளர்க்கும். திருவண்ணாமலையில் ஒரு வாக்குச்சாவடியில் போய் உட்காராது.

வாக்குச்சாவடி வாக்குச்சாவடின்னு சொல்றீங்களே, அங்க அப்படி என்ன வேலை?

தமிழ்நாட்டில் வாக்குச்சாவடிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் வேட்பாளரின் முகவராக ஒருவர், பத்தாம் படிவத்தில் நியமனம் வாங்கிக்கொண்டு, விடியும் முன்பே மாதிரி வாக்குப்பதிவுக்குப் போய் உட்கார வேண்டும். கையில் வாக்காளர் பட்டியல். பெயர் கூப்பிடும்போது வந்தவர் அவர்தானா, ஊரில் இல்லாதவரா, இறந்தவரா என்று சொல்ல அந்தத் தெருவைத் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். வெளியே இன்னும் நாலு பேர், யார் வரவில்லை என்று பார்த்து வீட்டுக் கதவைத் தட்ட.

புதுக் கட்சிகள் சறுக்கும் இடம் இது. காலையில் உட்கார்ந்த முகவர் மதியம் சாப்பாடு வரவில்லை என்று எழுந்து போய்விடுவார். மாநாட்டில் லட்சம் பேரைப் பார்த்த தலைமைக்கு அது தெரியவே தெரியாது.

கட்டுரைக்கு இதையெல்லாம் எப்படி ஆதாரத்தோட காட்டறது? மன்றத்தால வந்த ஓட்டா, முகத்தால வந்த ஓட்டான்னு பிரிக்க முடியுமா?

முழுசாகப் பிரிக்க முடியாது, ஆனால் அருகில் போகலாம். தேர்தல் முடிந்தபின் தொகுதிக்கு ஒன்றாக வரும் இருபதாம் படிவத்தில் வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு இருக்கும். தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் எடுக்கலாம். ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் கட்சியின் ஓட்டு எல்லாச் சாவடியிலும் ஏறக்குறைய ஒரே சதவீதமாகப் படர்ந்திருந்தால் திரை உருவம் வேலை செய்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சில தெருக்களில் குவிந்து, பக்கத்துத் தெருவில் வற்றியிருந்தால் அங்கே யாரோ ஆள் வேலை செய்திருக்கிறான். அது மன்றமா, அந்தத் தெருவின் சாதிக் கணக்கா என்பதை ஊர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்காமல் எழுதாதீர்கள்.

அதோடு, பொதுத்தேர்தலுக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தலைவர் பிரசாரத்துக்கே வராத வார்டு தேர்தலில் மன்றத்துக்காரர் ஜெயித்தால் அது அவருடைய சொந்தச் செல்வாக்கு. அடுத்த பொதுத்தேர்தலில் அதே ஆள் எந்தக் கட்சிக்கு முகவராக உட்கார்ந்தார் என்று கண்டுபிடித்துவிட்டால், உங்கள் கட்டுரையின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.